95 சதவீதம்: எத்தனை பேரில்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்க ஓர் அறிக்கை வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்ல, எங்கள் தமிழய்யா அதை எழுதி முடித்துவிட்டார். ஒன்றரைப் பக்கம். நடை அவருக்கே உரியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. “கணக்கு டீச்சர் ஒரு பார்வை பார்த்துடுங்க, எண் ஏதும் தப்பா இருந்தா என் தலையில விடியும்” என்று சிரித்துக்கொண்டே என்னிடம் தந்தார்.

அந்தப் பார்வை ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. வரைவில் கூட்டல் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர்களும் ஆண்டுதோறும் செய்யும் சில பிழைகள் இருந்தன. நானே முந்தைய ஆண்டுகளில் அவற்றைச் செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. அவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பள்ளியும் பிள்ளைகளும் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் எண்களை மாற்றியிருக்கிறேன். பிழைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

வரைவில் இருந்த முக்கியமான வரிகள் இவை:

“நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 48 மாணவர்கள் பயின்றனர். தேர்ச்சி 95 சதவீதம். இது சென்ற ஆண்டைவிட 5 சதவீதம் அதிகம். தோல்வியடைந்தோர் 50 சதவீதம் குறைந்துள்ளனர். கணிதத்தில் பள்ளிச் சராசரி 54. ஆ பிரிவின் கணிதச் சராசரி அரையாண்டுத் தேர்வில் 33 ஆக இருந்தது. பொதுத்தேர்வில் 46 ஆக உயர்ந்துள்ளது.”

பிள்ளைகள் பின்னத்தில் வருவதில்லை

எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் நான் செய்வது ஒன்றுதான். எண் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் “எதில்?” என்று எழுதுவேன். 95 சதவீதம் என்றால் எத்தனை பேரில்? நம் வகுப்பறை மொழியில் சொன்னால் தொகுதி தெரிகிறது, பகுதி எங்கே?

வரைவைப் படிப்பவர் 48 பேரில் என்றுதான் எடுத்துக்கொள்வார். முதல் வரியில் 48, அடுத்த வரியில் 95 சதவீதம். 48இல் 95 சதவீதம் எவ்வளவு என்று பெருக்கினேன். 45.6 வந்தது. பிள்ளைகள் பின்னத்தில் வருவதில்லை. சரி, சுற்றி எழுதியிருப்பார் என்று பார்த்தால், 48இல் 45 பேர் என்றால் 93.75 சதவீதம், 46 பேர் என்றால் 95.8, அதாவது 96. இரண்டும் 95 ஆகாது. ஆகவே இந்த 95க்குப் பகுதி 48 அல்ல. வேறு ஏதோ ஓர் எண்.

இந்தச் சோதனைக்கு மதிப்பெண் பதிவேடு தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். ஆனால் சின்ன எண்களுக்கு மட்டுமே உதவும். மாணவர் எண்ணிக்கை 100க்குக் கீழே இருக்கும்போது எல்லாச் சதவீதமும் முழு எண்ணாக அமையாது. அதனால் பொருந்தாதது காட்டிக்கொடுத்துவிடும். 400 பேர், 500 பேர் என்றால் எந்தச் சதவீதத்துக்கும் ஏதாவது ஒரு முழு எண் பக்கத்தில் கிடைத்துவிடும். அங்கே பதிவேட்டைத்தான் எடுக்க வேண்டும்.

நானும் எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மூன்று எண்களைக் குறித்தேன்.

| | பெயர்ப்பட்டியலில் | தேர்வெழுதியோர் | தேர்ச்சி |
|---|---|---|---|
| சென்ற ஆண்டு | 42 | 40 | 36 |
| இந்த ஆண்டு | 48 | 40 | 38 |

புதிர் விடுபட்டது. 40 பேர் எழுதி 38 பேர் தேர்ச்சி, அதனால் 95 சதவீதம். சென்ற ஆண்டு 40 பேர் எழுதி 36 பேர், அதனால் 90 சதவீதம். தமிழய்யா கணக்கில் பிழை இல்லை. ஆனால் பெயர்ப்பட்டியலில் இருந்த 48 பேரைப் பகுதியாக வைத்தால் 79 சதவீதம் வருகிறது. சென்ற ஆண்டு 42 பேரில் 36, அதாவது 86 சதவீதம். ஒரு கணக்கில் 5 கூடியிருக்கிறது. இன்னொரு கணக்கில் 7 குறைந்திருக்கிறது. பள்ளி ஒன்றுதான், தேர்வும் ஒன்றுதான்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் தேர்வுக்கே வராத 8 பேர். சென்ற ஆண்டு இருவர்தான் வரவில்லை. “95 சதவீதம்” என்ற வரியில் இந்த 8 பேர் தோல்வியடைந்தவர்களாகக்கூட இல்லை. இல்லவே இல்லை.

எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. மாநில அளவிலான தேர்ச்சி விகிதமும் தேர்வெழுதியோரை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2023இல் மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்ச்சி 94.03 சதவீதம். தேர்வெழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அதே ஆண்டு மொழித்தாளுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வராதது தனிச் செய்தியாகி, அவர்களைத் திரும்ப அழைத்துவருவது பற்றிப் பேச்சு எழுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தேர்வெழுதியோர் எண்ணிக்கையைச் சதவீதத்தின் பக்கத்திலேயே தருவதால்தான் அதைச் சரிபார்க்க முடிகிறது. எங்கள் வரைவில் அந்த எண் விடுபட்டு, அதன் இடத்தில் 48 உட்கார்ந்திருந்தது.

அதேபோல, பெயர்ப்பட்டியலை வைத்து வரும் 79 சதவீதம்தான் உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த 8 பேரில் ஒரு குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தது. பெயர் இங்கே, பிள்ளை அங்கே. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒன்று விடுபடும். அதனால் 48, 40, 38 மூன்றையும் எழுதிவிட்டு, அதன் பிறகு சதவீதத்தைச் சொல்வதுதான் நேர்மையான வழி.

பகுதி ஒளிந்திருக்கும் இடம்

பகுதி விடுபடுவது நம் அறிக்கைகளில் மட்டும் நடப்பதல்ல. பல இடங்களில் அது வரையறைக்குள் இருக்கும். எண்ணை எடுத்து எழுதும்போது நாம் வரையறையை விட்டுவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி செயல்திட்டத்துக்காக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டாள். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். எழுத்தறிவு பெற்றவர்கள் 5 கோடியே 18 லட்சம். வகுத்துப் பார்த்தவளுக்கு 72 சதவீதம் வந்தது. புத்தகத்தில் 80.09 சதவீதம் என்று இருந்தது. “எனக்குக் கணக்கு வரல டீச்சர்” என்று தாளோடு வந்து நின்றாள்.

அவள் கணக்கு சரி. கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 0 முதல் 6 வயது வரையுள்ள 74 லட்சம் குழந்தைகளைக் கழித்தால் பகுதி 6 கோடியே 47 லட்சமாகிறது, விகிதம் 80.09 ஆகிவிடுகிறது. தொட்டில் குழந்தையை எழுத்தறிவற்றவர் என்று எண்ணாதது நியாயம்தான். ஆனால் 1981 கணக்கெடுப்பு வரை 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் என்றுதான் எடுத்தார்கள். 1991 முதல்தான் 7 வயது. பழைய விகிதத்தையும் புதிய விகிதத்தையும் ஒரே பட்டைப் படத்தில் வரையும் மாணவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது நம் வேலை.

5 சதவீதமா, 5 சதவீதப் புள்ளியா?

இனி அடுத்த வரி. 90இலிருந்து 95க்குப் போனதை “5 சதவீதம் அதிகம்” என்று எழுதியிருந்தார். 90இல் 5 சதவீதம் 4.5 தான், அப்படியானால் 94.5 என்றல்லவா வர வேண்டும்? இரண்டு சதவீதங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சதவீதப் புள்ளி என்று சொல்ல வேண்டும். “5 சதவீதப் புள்ளி உயர்வு” என்றால் குழப்பமில்லை.

இங்கே வேறுபாடு சிறியதாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடித்தள எண் சிறியதாக இருக்கும்போதுதான் ஆபத்து. ஒரு வகுப்பில் பிழையின்றி வாசிப்போர் 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது 10 சதவீதப் புள்ளி உயர்வு. அதுவே 50 சதவீத உயர்வும்கூட. இரண்டும் கணக்கின்படி சரி. பெருமையாகக் காட்ட நினைப்பவர் 50ஐ எடுப்பார். சிறுமையாகக் காட்ட நினைப்பவர் 10ஐ எடுப்பார். “20இலிருந்து 30 சதவீதமாக” என்று தொடக்கத்தையும் முடிவையும் எழுதிவிட்டால் இருவருக்கும் வேலையில்லை.

“தோல்வியடைந்தோர் 50 சதவீதம் குறைந்துள்ளனர்” என்ற வரியும் இதே குடும்பம்தான். சென்ற ஆண்டு எழுதிய 40 பேரில் தேறாதவர் 4 பேர். இந்த ஆண்டு 2 பேர். 4 என்பது 2 ஆனால் 50 சதவீதக் குறைவுதான், மறுக்க முடியாது. ஆனால் கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம் வேறு. 40 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 2.5 சதவீதம். ஒரு மாணவனுக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே விகிதம் அவ்வளவு நகரும். நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 1இலிருந்து 3 ஆனால் “200 சதவீத உயர்வு” என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் அந்த மூவரும் மறைந்துபோகிறார்கள். நான் எனக்கென வைத்திருக்கும் விதி இது: பகுதி 100க்குக் குறைவாக இருந்தால் ஆள் கணக்கை முதலில் எழுது; சதவீதம் வேண்டுமானால் பின்னால் வரட்டும்.

இரண்டு சராசரிகளின் சராசரி

கணிதச் சராசரி 54 என்பது எப்படி வந்தது என்று தமிழய்யாவிடம் கேட்டேன். “அ பிரிவு 62, ஆ பிரிவு 46. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தேன், தப்பா டீச்சர்?” என்றார். இரண்டு பிரிவிலும் ஒரே எண்ணிக்கையில் மாணவர்கள் இருந்தால் தப்பில்லை. எங்களிடம் தமிழ்வழியான அ பிரிவில் தேர்வெழுதியவர்கள் 30 பேர். ஆங்கிலவழியான ஆ பிரிவில் 10 பேர்தான். 30 பேரின் மொத்த மதிப்பெண் 30 × 62 = 1860. 10 பேரின் மொத்தம் 460. கூட்டினால் 2320, 40ஆல் வகுத்தால் 58. வரைவு எங்கள் பள்ளியை 4 மதிப்பெண் குறைத்துக் காட்டியிருந்தது. பிழை எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்பதில்லை.

சதவீதங்களுக்கும் இது பொருந்தும். ஒரு குறுவளத்தில் உள்ள பள்ளிகளின் தேர்ச்சி விகிதங்களைக் கூட்டிப் பள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 12 பேர் எழுதிய பள்ளியும் 180 பேர் எழுதிய பள்ளியும் சம எடை பெற்றுவிடும். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

சுழியமும் வெற்றிடமும்

ஆ பிரிவு 33இலிருந்து 46க்கு உயர்ந்தது என்ற வரிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தப் பிரிவுக்குக் கணக்கு நடத்தியது நான். 13 மதிப்பெண் உயர்வு! அதனால்தான் அதை இன்னும் ஒருமுறை சோதிக்கத் தோன்றியது. நமக்கு இனிக்கும் எண்ணை இருமுறை சோதிக்க வேண்டும்.

பெயர்ப்பட்டியலில் ஆ பிரிவினர் 14 பேர். அரையாண்டுத் தேர்வுக்கு 4 பேர் வரவில்லை. கணினியில் பதிவு செய்தபோது அவர்களுக்கு நான் 0 போட்டிருக்கிறேன். பொதுத்தேர்வுக்கும் அதே 4 பேர் வரவில்லை. இம்முறை பட்டியலைத் தயாரித்தவர் அந்தக் கட்டங்களில் AB என்று எழுதியிருந்தார். இரண்டு தாள்களிலும் கீழே ஒரே சூத்திரம்தான் இருந்தது:

```
=AVERAGE(C2:C15)
```

இந்தச் சூத்திரம் 0ஐ ஒரு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளும். எழுத்தையும் வெற்றுக் கட்டத்தையும் கண்டுகொள்ளாது. ஆகவே அரையாண்டில் மொத்த மதிப்பெண் 462ஐ அது 14ஆல் வகுத்து 33 தந்தது. பொதுத்தேர்வில் மொத்தம் 460ஐ 10ஆல் வகுத்து 46 தந்தது. அரையாண்டில் எழுதிய 10 பேரை மட்டும் எடுத்தால் சராசரி 46.2. உயர்வு எதுவும் இல்லை. 13 மதிப்பெண்ணும் சுழியத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாடு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சராசரிக்குக் கீழே இன்னொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=COUNT(C2:C15)
```

எத்தனை எண்களை வைத்துச் சராசரி எடுக்கப்பட்டது என்பதை இது சொல்லும். ஒரு தாளில் 14, இன்னொன்றில் 10 என்று வந்தால் அந்த இரண்டு சராசரிகளையும் ஒப்பிடக் கூடாது.

46 வாங்கியவர் யார்?

சரி, 46 என்பதாவது ஆ பிரிவைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? பத்துப் பேரின் மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதினேன்:

35, 35, 35, 36, 36, 38, 38, 40, 72, 95

46ஐ ஒட்டி ஒருவர்கூட இல்லை. பத்தில் எட்டுப் பேர் சராசரிக்குக் கீழே. தேர்ச்சி மதிப்பெண் 35. எட்டுப் பேரும் அதிலிருந்து 5 மதிப்பெண்ணுக்குள் நிற்கிறார்கள். 72, 95 என்ற இரண்டு எண்கள் சராசரியை மேலே தூக்கியிருக்கின்றன. இடைநிலை அளவு எடுத்தால், ஐந்தாவதும் ஆறாவதுமான 36, 38 ஆகியவற்றின் நடுவே 37. அந்த வகுப்பறையை அறிந்த எனக்கு 37தான் சரியாகப் படுகிறது.

சராசரியையும் இடைநிலை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டும் நெருங்கி இருந்தால் சராசரியை எழுதலாம். இடைவெளி பெரிதாக இருந்தால், ஒரு பக்கத்தில் சிலர் தனியாக நிற்கிறார்கள் என்று பொருள். ஆனால் இரண்டும் நெருங்கி இருந்தால் மட்டும் எல்லாம் நலம் என்றும் ஆகாது. பாதிப் பேர் 30க்குப் பக்கத்திலும் பாதிப் பேர் 80க்குப் பக்கத்திலும் இருந்தால் சராசரியும் இடைநிலை அளவும் 55ஐ ஒட்டியே வரும். 55 வாங்கியவர் யாரும் இருக்க மாட்டார். நாற்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்புக்கு, “35க்குக் கீழ் இத்தனை பேர், 35 முதல் 50 வரை இத்தனை பேர், அதற்கு மேல் இத்தனை பேர்” என்று மூன்று எண்களை எழுதுவது எந்தச் சராசரியைவிடவும் தெளிவாக இருக்கும்.

திருத்திய வரைவு

மறுநாள் காலை தமிழய்யாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

“பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் 48 மாணவர்கள் இருந்தனர். 40 பேர் தேர்வெழுதினர். 38 பேர் தேர்ச்சி பெற்றனர். எழுதியோரில் தேர்ச்சி 95 சதவீதம். சென்ற ஆண்டு 90 சதவீதம். தேர்வுக்கு வராதோர் 8 பேர். சென்ற ஆண்டு 2 பேர். கணிதத்தில் தேர்வெழுதிய 40 பேரின் சராசரி 58. ஆ பிரிவில் எழுதிய 10 பேரில் 8 பேர் 35 முதல் 40 மதிப்பெண்ணுக்குள் பெற்றுள்ளனர்.”

தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். “95ஐ மட்டும் சொன்னா கைதட்டுவாங்களே டீச்சர், இப்ப 8 பேரைப் பத்திக் கேள்வி வருமே” என்றார். வரும் சார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த 8 பேரின் பெயர்களை அறிக்கையில் சேர்க்க வேண்டாம், தன் குறிப்பேட்டில் மட்டும் எழுதித் தரும்படி சொன்னார். அதுவும் சரிதான்.

கூட்டத்தில் கேள்வி வந்தது. உறுப்பினரான ஓர் அம்மா எழுந்து, “அந்த எட்டுப் பிள்ளைங்களும் இப்ப எங்க இருக்குதுங்க?” என்று கேட்டார். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே இருந்தன. அன்று மாலையே குழு உறுப்பினர்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். 5 பேர் விண்ணப்பித்தார்கள். ஒரு குடும்பம் வெளியூர் போயிருந்தது. இருவர் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசியும் வரவில்லை.

துணைத்தேர்வு எழுதிய 5 பேரில் 3 பேர் தேறினார்கள். ஆண்டு விழா அறிக்கையில் அதையும் சேர்க்க வேண்டும் என்று தமிழய்யா வரைவைக் கொண்டுவந்தார். நான் பென்சிலை எடுப்பதற்கு முன்பே, “60 சதவீதம்னு எழுதல டீச்சர், எட்டுல அஞ்சு பேரு எழுதி மூணு பேரு தேறினாங்கன்னுதான் எழுதியிருக்கேன்” என்றார்.